சர்வர் சொல்லும் நேரம் வரை காத்திருப்போம்: தானியங்கி நிரல்கள் குறித்த எங்கள் நிலைப்பாடு

புதுக்கோட்டை மாவட்டத்தில் விக்கிப்பீடியா, விக்கிமூலம், விக்கிமீடியா காமன்ஸ் ஆகியவற்றில் பங்களிப்பவர்களும், அந்த வேலைகளுக்காக நிரல் எழுதும் மாணவர்களும் சேர்ந்த தன்னார்வக் குழு எங்களுடையது. நாங்கள் எழுதும் அல்லது பயன்படுத்தும் எந்த நிரலும், “வேகத்தைக் குறை” என்று சர்வர் சொன்னால், அது குறிப்பிடும் நேரம் முடியும்வரை அடுத்த கோரிக்கையை அனுப்பக் கூடாது. இதில் அவசரம், போட்டி, கெடு என்று எந்த விலக்கும் இல்லை. இதற்கான காரணத்தையும், நடைமுறையில் எங்கே தவறு நேர்கிறது என்பதையும் இந்த அறிக்கையில் விளக்குகிறோம்.

அளவு மீறிக் கோரிக்கை வந்தால் சர்வர் திருப்பி அனுப்பும் எண் 429. இது 2012 ஏப்ரலில் வெளியான RFC 6585 என்ற இணையத் தரநிலையில் இடம்பெற்றது. அதனுடன் பெரும்பாலும் இப்படி ஒரு வரி வரும்:

```
HTTP/1.1 429 Too Many Requests
Retry-After: 60
```

அறுபது விநாடி கழித்து வா என்பது இதன் பொருள். பராமரிப்பாலோ நெரிசலாலோ சேவை தற்காலிகமாக நின்றிருக்கும்போது வரும் 503 பதிலிலும் இதே வரி இருக்கலாம்.

சித்தன்னவாசல், திருமயம், குடுமியான்மலை, நார்த்தாமலை படங்கள் காமன்ஸில் இருக்கின்றன. அப்படி ஆயிரம் கோப்புகளின் விவரங்களை (எடுத்தவர், உரிமம், தேதி) ஒரு பட்டியலாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து இழைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, கோப்புக்கு ஒன்றாக ஆயிரம் கோரிக்கை அனுப்புவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. நடுவில் 429 வருகிறது, அறுபது விநாடி காத்திருக்கச் சொல்கிறது. நிரல் அதைப் படிக்காமல், ஒவ்வொரு இழையும் விநாடிக்கு ஒருமுறை மறுபடி முயன்றால், அந்த ஒரு நிமிடத்தில் அறுநூறு கோரிக்கைகள் போகும். அவற்றில் ஒன்றுக்கும் விவரம் கிடைக்காது. ஐபி முகவரியே தடைபட்டுவிட்டால் அதே இணைப்பில் கட்டுரை திருத்திக்கொண்டிருக்கும் மற்றவர்களும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள். கல்லூரிக் கணினிக்கூடம் முழுவதும் ஒரே முகவரியில் வெளியே போவது நம் ஊரில் வழக்கம் என்பதை மறக்கக் கூடாது.

மீடியாவிக்கியின் ஏபிஐ ஒரு கோரிக்கையில் ஐம்பது தலைப்புகள் வரை ஏற்றுக்கொள்ளும். ஆகவே அந்த ஆயிரம் கோப்புகளுக்கு இருபது கோரிக்கைகள் போதும். ஒன்று முடிந்தபின் ஒன்றாக வரிசையில் அனுப்பினால் எல்லையைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடும். படக் கோப்புகளையே இறக்குவதென்றால் இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொன்றாகத்தான் இறக்க வேண்டும், அங்கே காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காத்திருக்கும் நிரலிலும் ஒரு பிழை அடிக்கடி ஒளிந்திருக்கிறது. பத்து இழைகளும் தனித்தனியே அறுபது விநாடி தூங்கி, ஒரே நொடியில் விழித்தெழுந்தால் மறுபடியும் நெரிசல்தான், மறுபடியும் 429தான். எனவே ஒரு இழைக்கு வந்த பதில் எல்லா இழைகளையும் நிறுத்த வேண்டும். விழிக்கும்போது ஒவ்வொன்றும் சில விநாடிகள் முன்பின்னாகத் தொடங்க வேண்டும். அந்தச் சிதறலைச் சொன்ன நேரத்துடன் கூட்டத்தான் வேண்டும். கழித்தால் கெடுவுக்கு முன்பே போய் நிற்போம்.

இன்னொரு பிழை இந்தியாவில் இருப்பவர்களைக் குறிப்பாகத் தாக்கும். `Retry-After` வரியில் விநாடிக்குப் பதிலாகத் தேதியும் வரலாம்:

```
Retry-After: Wed, 14 Jan 2026 06:30:00 GMT
```

இது நம் நேரப்படி நண்பகல் 12:00. காலை 11:55க்கு இந்தப் பதில் வந்தால் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஆனால் நிரல் அந்த 06:30ஐ இந்திய நேரமாக எடுத்துக்கொண்டால், அது ஐந்து மணி இருபத்தைந்து நிமிடம் முன்பே கடந்துபோன நேரமாகிவிடும். காத்திருக்க ஒன்றுமில்லை என்று முடிவுசெய்து உடனே மறுபடி தட்டும். எண் மட்டுமே வரும் என்று நம்பி எழுதிய நிரலோ தேதியைக் கண்டதும் பிழை காட்டும். அந்தப் பிழையை விழுங்கிவிட்டு மறுமுயற்சிக்குப் போகும் நிரல்கள் ஏராளம். கணினியின் கடிகாரமே தவறாக ஓடும் பழைய இயந்திரங்களும் உண்டு. ஆகவே அதே பதிலில் வரும் `Date` வரியை எடுத்து, அதற்கும் இந்தத் தேதிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுவதே பாதுகாப்பு.

விக்கிமீடியாவில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானியங்கிகள் `maxlag=5` என்ற அளவுருவைச் சேர்த்து அனுப்பும்படி அங்கே வழிகாட்டியிருக்கிறார்கள். தரவுத்தளத்தின் நகல்கள் ஐந்து விநாடிக்கு மேல் பின்தங்கியிருந்தால் அந்தக் கோரிக்கை மறுக்கப்படும், `Retry-After` வரியும் வரும். ஆனால் ஏபிஐயில் அந்த மறுப்பு 200 என்ற “வெற்றி” எண்ணுடன்தான் வருகிறது. எண்ணை மட்டும் பார்க்கும் நிரல், வேலை முடிந்ததாக நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பதிலின் உள்ளே பிழைக் குறி `maxlag` அல்லது `ratelimited` என்று இருக்கிறதா என்று பார்ப்பதை எங்கள் நிரல்களில் கட்டாயமாக்குகிறோம். பைவிக்கிபாட் பயன்படுத்துவோருக்கு `maxlag` காத்திருப்பு அதிலேயே உண்டு. வேகமாக முடிக்கிறேன் என்று அதன் இடைவெளி அமைப்புகளைக் குறைக்க வேண்டாம். பைதானின் `requests` நூலகம் மட்டும் பயன்படுத்துவோர் வேறு மாதிரி ஏமாறுவார்கள். இயல்பு நிலையில் அது மறுமுயற்சியே செய்வதில்லை, 429ஐ அப்படியே கையில் கொடுத்துவிடும். அதைப் படித்துக் காத்திருப்பது நிரல் எழுதியவரின் பொறுப்பு.

சர்வர் நேரம் குறிப்பிடாமல் 429 மட்டும் அனுப்பினால், ஐந்து விநாடியில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக் காத்திருப்போம். ஆறாவது முறையும் மறுத்தால் நிறுத்திவிடுவோம். ஒரு மணி நேரம் பொறு என்று வந்தால், நிரலை விழித்திருக்க வைக்காமல் முடித்த இடத்தைக் கோப்பில் எழுதி வெளியேறச் செய்வோம். திருத்தம் சேமிக்கும்போது இணைப்பு பாதியில் அறுந்தால், பக்க வரலாற்றைப் பார்த்த பிறகே மறுபடி அனுப்புவோம். இல்லாவிட்டால் ஒரே பத்தி இருமுறை ஏறிவிடும்.

ஐபி முகவரியை மாற்றிக்கொள்வது, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவுவது, இரண்டாவது கணக்கு தொடங்குவது ஆகியவற்றை எல்லையைத் தாண்டும் வழியாகச் செய்வதை நாங்கள் ஏற்கவில்லை. விக்கிப் போட்டிகளின் கடைசி நாளில் இதற்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு. அந்த நியாயம் தவறு. பயிலரங்கு போன்ற உண்மையான தேவை இருந்தால் முறையாகக் கேட்கும் வழி இருக்கிறது. ஒரே முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய கணக்குகள்தான் தொடங்க முடியும் என்ற வரம்புக்குக்கூட முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்குப் பெறலாம்.

2024 ஜனவரியிலிருந்து படம், காணொளி இறக்கத்துக்குச் செலவாகும் அலைவரிசை 50 விழுக்காடு கூடியதாகவும், மிகுந்த செலவு வைக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு தானியங்கிகளுடையது என்றும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் அறிவித்தது. அந்தச் சுமையின் பெரும்பகுதி பெரிய நிறுவனங்களின் வேலைதான். ஆனாலும் நன்கொடையில் ஓடும் ஒரு சர்வரின் மேல் நம் பங்குச் சுமையை ஏற்றாமலிருக்க அது காரணமாகாது.

சொந்தமாகத் தமிழ்த் தளங்களும் ஏபிஐகளும் நடத்துவோருக்கும் ஒரு கோரிக்கை வைக்கிறோம். வரம்பு வையுங்கள், ஆனால் மீறியவரைக் காரணம் சொல்லாமல் 403 கொடுத்து முடக்காதீர்கள். 429 அனுப்பி, எவ்வளவு நேரம் என்பதையும் விநாடிகளில் எழுதுங்கள். எங்கள் நிரல்களில் ஏதேனும் இந்த நிலைப்பாட்டை மீறுவது தெரிந்தால், அதன் `User-Agent` வரியில் இருக்கும் தொடர்பு முகவரிக்கு எழுதுங்கள். அன்றே அதை நிறுத்துவோம்.