பென் டிரைவில் அஞ்சல், பொதுக் கணினியில் நகல்

பிரவுசிங் சென்டரிலும் அலுவலகப் பொதுக் கணினியிலும் அஞ்சல் பார்ப்பவர்களில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், பென் டிரைவில் தண்டர்பேர்ட் போர்ட்டபிளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல மென்பொருள்தான். நிறுவ வேண்டாம். அஞ்சல்கள், முகவரிகள், கடவுச்சொற்கள் எல்லாம் பென் டிரைவிலேயே `Data\profile` என்ற கோப்புறைக்குள் இருக்கும். அந்தக் கணினியில் அது தனக்கென்று அஞ்சல் பெட்டி எதையும் உண்டாக்குவதில்லை. சிக்கல் தொடங்குவது இணைப்பைத் திறக்கும்போது.

எங்கள் தெருக்காரர் ஒருவர் மகளின் உதவித்தொகைக்காக இப்படித்தான் சென்டருக்குப் போனார். அஞ்சலில் வந்திருந்த வேர்டு படிவத்தை இரட்டைக் கிளிக் செய்து திறந்தார். மகள் பெயர், வங்கிக் கணக்கு எண், குடும்ப வருமானம் எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்ட படிவம். பார்த்து முடித்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். “பென் டிரைவைக் கையோட எடுத்துட்டு வந்துட்டேனே சார், அப்புறம் அங்க என்ன இருக்கப் போவுது?” என்று கேட்டார்.

படிவம் அங்கேதான் இருந்தது. இணைப்பை இரட்டைக் கிளிக் செய்தால் தண்டர்பேர்ட் அதன் நகல் ஒன்றை விண்டோஸின் தற்காலிகக் கோப்புறையில் எழுதி, அந்த நகலைத்தான் வேர்டிடம் கொடுக்கிறது. தற்காலிகக் கோப்புறை இருப்பது கணினியின் வட்டில், பென் டிரைவில் அல்ல. தண்டர்பேர்டை மூடும்போது நகலை அதுவே அழிக்கப் பார்க்கும். ஆனால் அந்த நேரத்தில் வேர்டில் ஆவணம் திறந்திருந்தால் விண்டோஸ் அழிக்க விடாது. அவர் தண்டர்பேர்டை மூடியபோது வேர்டு பின்னால் திறந்தபடியே இருந்தது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்கினாலும் இதே கதி, அழிக்க வேண்டிய வேலை நடக்காமலே போய்விடும்.

சென்டரில் வருகிற எல்லோரும் ஒரே விண்டோஸ் கணக்கில்தான் உட்காருகிறார்கள். ஆகவே அடுத்து வருபவர் வேர்டைத் திறந்தாலே, அண்மையில் திறந்தவை பட்டியலில் படிவத்தின் பெயர் முதலில் நிற்கக்கூடும். கிளிக் செய்தால் திறந்துவிடும். தனித்தனிக் கணக்கு உள்ள அலுவலகத்தில் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும், நகல் மற்றவர்களில் நிர்வாகிக்கு மட்டும் எட்டும்.

நகல் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என இவற்றைத் தட்டுங்கள்:

```
%TEMP%
shell:recent
```

முதலாவது தற்காலிகக் கோப்புறையைத் திறக்கும். உள்ளே துணைக் கோப்புறையில் ஒளிந்திருக்கலாம், எனவே கோப்பின் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டுத் தேட வேண்டும். இரண்டாவதில் அண்மையில் திறந்தவற்றின் குறுக்குவழிகள் இருக்கும். அழிப்பதானால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்யுங்கள், இல்லாவிட்டால் குப்பைத்தொட்டியில் போய் உட்காரும்.

இதைவிட நல்ல வழி, இணைப்பை இரட்டைக் கிளிக் செய்யாமல் வலது கிளிக் செய்து பென் டிரைவிலேயே சேமித்து, அங்கிருந்து திறப்பது. அப்போது கணினியில் பெயரும் குறுக்குவழியும் மிஞ்சலாம், முழு ஆவணம் மிஞ்சும் வாய்ப்பு குறைவு. ‘வருமானச் சான்று’ என்று பெயரே காட்டிக்கொடுக்கும் என்றால் சேமிக்கும்போது மாற்றிவிடலாம். முடித்ததும் முதலில் ஆவணம், அடுத்து தண்டர்பேர்ட், கடைசியாக முறைப்படி பென் டிரைவை வெளியேற்றுவது. டிரைவ் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் மறுத்தால், ஏதோ ஒன்று இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள்.

எளிதில் துடைக்க முடியாதவையும் உண்டு. எந்தப் பென் டிரைவ் செருகப்பட்டது என்பதை அதன் வரிசை எண்ணோடு விண்டோஸ் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. தண்டர்பேர்ட் ஓடியது என்ற குறிப்பும் கணினியில் இருக்கும். அஞ்சலின் உள்ளடக்கம் அவற்றில் கிடையாது, அந்த டிரைவ் அங்கே வந்தது என்று மட்டும் காட்டும். தட்டச்சைப் பதிவு செய்யும் வேவு நிரல் கணினியில் இருந்தால் இதில் எதுவுமே காப்பாற்றாது. அப்படிச் சந்தேகம் வந்த கணினியில் டிரைவைச் செருகவே கூடாது.

பென் டிரைவையும் கவனிக்க வேண்டும். ஐமேப் கணக்கு வைத்திருந்தால், வழக்கமான அமைப்பில் தண்டர்பேர்ட் அஞ்சல்களின் முழு நகலையும் அதில் இறக்கி வைக்கிறது. `ImapMail` கோப்புறைக்குள் இருக்கும் `INBOX` கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், கடிதங்களின் தலைப்புகளும் ஆங்கில வரிகளும் வாசிக்கும்படி கிடக்கும். அமைப்புகளில் உள்ள `Use a Primary Password` சேமித்த கடவுச்சொற்களை மட்டும் பூட்டுகிறது, கடிதங்களைப் பூட்டுவதில்லை. டிரைவ் முழுவதையும் குறியாக்கம் செய்வதே அதற்கு வழி, ஆனால் பிட்லாக்கர் போன்றவற்றைப் பொதுக் கணினி எல்லாவற்றிலும் திறக்க முடியும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே கணக்கின் ஒத்திசைவு அமைப்பில், கடிதங்களை இந்தக் கணினியில் வைத்திருக்கும் தேர்வை நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே இறங்கியவை இருந்தால் அவற்றைத் தனியே அழிக்க வேண்டும்.

டிரைவ் தொலைந்தால், ஜிமெயில்காரர்கள் வேறு கணினியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், தண்டர்பேர்டுக்குக் கொடுத்த அனுமதியை நீக்க வேண்டும். மற்ற அஞ்சல் சேவைகளில் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்ற வேண்டும்.