புள்ளியும் பிள்ளையும்

'என் பொண்ணு எங்கே இருக்கான்னு இருபத்து நாலு மணி நேரமும் எனக்குத் தெரியும் சார்' என்று மார்தட்டுகிற அப்பாக்கள் பெருகிவிட்டார்கள். தப்பு சார். உங்களுக்குத் தெரிவது பொண்ணு இருக்கிற இடமில்லை, அவள் போன் இருக்கிற இடம். போனைத் தோழியின் பையில் போட்டுவிட்டுக் கிளம்ப, பதினாறு வயசுக்கு ரெண்டு நிமிஷம் போதும். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததே உங்கள் இருபத்து நாலு மணி நேரக் கண்காணிப்புதான்!

கூகுள் மேப்ஸில் 'Until you turn this off' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளை தூங்கும்போது போனை எடுத்து அதைத் தட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதுகூட அப்பாவுக்குத் தெரிகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பா? வேவு!

வாட்ஸப்பில் லைவ் லொக்கேஷனுக்கு மூன்றே கணக்கு: 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம். நேரம் முடிந்தால் தானே அணைந்துவிடும். வீட்டு ஒப்பந்தத்துக்கு இதுதான் தோது.

அடையாறில் டியூஷன், வேளச்சேரியில் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு வெளியே வந்ததும் அவளே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் 1 மணி நேரம் தட்டுவாள். வீட்டு வாசலில் நிறுத்திவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு போனால் புள்ளி கிடையாது. எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று வாயால் சொன்னால் போதும். இது அவள் பக்கத்து ஷரத்து.

உங்கள் பக்கம்? 'பேக்கரி வாசல்ல பத்து நிமிஷம் ஏன் நின்னே?' என்று கேட்கக் கூடாது. நீங்கள் ஆபீஸிலிருந்து லேட்டாகக் கிளம்பினால் உங்கள் புள்ளியும் அவளுக்குப் போக வேண்டும்.

புள்ளி நின்றுவிட்டால் உடனே நெஞ்சைப் பிடிக்காதீர்கள். கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். பேட்டரி சேவர் போட்டிருந்தாலோ சிக்னல் போனாலோ பழைய இடத்திலேயே நிற்கும். கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ். சரியாகக் கிடைக்காது, போன் செல் டவரை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லும். டியூஷனில் இருக்கிற பிள்ளை எதிர்த்தெரு தியேட்டரில் இருப்பதாகக் காட்டும். அதை வைத்து ராத்திரி கோர்ட் நடத்தாதீர்கள்! கால் மணி நேரம் பொறுத்து ஒரு போன். எடுக்காவிட்டால் டியூஷனுக்கு, தோழிக்கு. அப்புறமும் தகவல் இல்லையென்றால் வண்டியை எடுங்கள். இந்த வரிசையையும் முன்கூட்டியே பேசி, பேப்பரில் எழுதி, ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனரோடு போட்ட ஒப்பந்தம் செல்லாதே? வாஸ்தவம். கோர்ட்டில் செல்லாது. அதனால்தான் இந்த ஒப்பந்தத்தை மீறுகிற அப்பா மீது அவளால் கேஸ் போட முடியாது. போனைத் தோழியின் பையில் போட மட்டும்தான் முடியும்.