சட்னிக்கும் கணக்கு உண்டு!

சின்ன டிபன் கடை வைத்திருக்கும் சகோதரிகள் பலர், மாவுச் செலவை மட்டும் பார்த்துவிட்டு 'இட்லியிலதான் லாபம்' என்கிறார்கள். எங்கள் கடையில் 4 இட்லி 40 ரூபாய். அதில் மாவு 8 ரூபாய், விலையில் 20 சதவீதம்தான். சாம்பார் 4 ரூபாய். தேங்காய்ச் சட்னியோ, கேட்கிறவர்களுக்கெல்லாம் மறுபடி ஊற்றுவதால் 6 ரூபாய் ஆகிறது! மொத்தம் 18 ரூபாய், அதாவது 45 சதவீதம். கேஸ், கூலி, வாடகை எல்லாம் மீதியில்தான். இதற்காக இட்லி விலையை ஏற்றினால், தினமும் வருகிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சட்னியை மாற்றுவதே மேல். தக்காளி மலிவான நாட்களில் காரச் சட்னி போட்டால் 2 ரூபாய்தான். செலவு 35 சதவீதத்தில் அடங்கும். தக்காளி விலை ஏறினால் மறுபடி கணக்குப் போடணும். கடை மூடும்போது, உடைத்த தேங்காயையும் விற்ற பிளேட்டையும் எண்ணிப் பாருங்கள். காசு எங்கே போகுதுன்னு தெரிஞ்சிடும்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்