நாலு வரி போதும் நண்பா!



எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் தூய்மைப் பிரசாரம் நடத்தினார்கள். "பிளாட்பாரத்தில் எழுதி வைக்க ஒரு கவிதை வேணும்ப்பா" என்று என்னிடம் கேட்டார்கள். விடிய விடிய உட்கார்ந்து பதினாறு வரி எழுதினேன். "பாரதத் தாயே" என்று தொடங்கி "சுத்தம் காப்போம்" என்று முடியும். நண்பர்கள் கை தட்டினார்கள். சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டியும் விட்டோம்.

அன்று மாலை பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். ஒருத்தர் கூட முழுசாகப் படிக்கவில்லை! ஒரு பெரியவர் மூணு வரி படித்தார். வண்டி வந்துவிட்டது, போய்விட்டார்.

தப்பு எங்கே? நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போமே! பத்தடி தூரத்திலிருந்து சுலபமாகப் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும் என்பார்கள். பெஞ்சிலிருந்து தூண் இருபதடி. அப்படியானால் இரண்டு அங்குலம். தமிழ் எழுத்துக்கு மேல்விலங்கு, கீழ்விலங்கு என்று உண்டு. இடைவெளியும் சேர்த்தால் வரிக்கு நாலு அங்குலம். பதினாறு வரிக்கு 64 அங்குலம், அதாவது ஐந்தடிக்கு மேல்! நாலு வரி என்றால் 16 அங்குலத்தில் முடிந்துவிடும்.

இன்னொரு தப்பும் உண்டு. என் கவிதை நாட்டோடு பேசியது, குப்பை வைத்திருக்கும் கையோடு பேசவில்லை. ஆகவே ஒரு செயலுக்கு ஒரு கவிதை, அதுவும் அந்தச் செயல் நடக்கிற இடத்திலேயே என்று முடிவு செய்தேன்.

பிளாட்பார ஓரத்துக்கு:

கையில் இருக்கும் காலிப் பொட்டலம்
தண்டவாளத்தில் விழுந்தால்
வடிகால் வாயை அடைக்கும்.
பத்தே எட்டு நட, பக்கத்தில் தொட்டி!

இது கற்பனை இல்லை. பிளாட்பாரத்தை ஒட்டிய பாதையில் பல இடங்களில் ஜல்லிக்குப் பதில் கான்கிரீட் தளம் போட்டு, கழுவிய நீர் ஓட வடிகால் வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் உறை அதை அடைத்தால் நீர் தேங்கும், கொசு வரும். மிச்சச் சோறு விழுந்தால் எலி வரும்.

தூணுக்கு:

வெற்றிலை உன் வாய்க்கு,
சாறு ஏன் என் மேலுக்கு?
சிமெண்டு குடித்த சிவப்பு
கழுவினாலும் போகாது!

சிமெண்டுப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சாறு உள்ளே இறங்கிவிட்டால் மேலே தேய்த்து என்ன பயன்?

அபராதத்தைக் கவிதையில் சேர்க்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். 2012-ல் வந்த ரயில்வே விதியில் 500 ரூபாய் வரை அபராதம் உண்டுதான். அதைத் தனிப் பலகையில் எழுதட்டும். மிரட்டலும் கவிதையும் ஒரே பலகையில் இருந்தால் மிரட்டல்தான் கண்ணில் படும்.

கடைசியாக ஒன்று. "பத்தே எட்டு" என்று எழுதும் முன் நானே நடந்து எண்ணினேன். முப்பத்திரண்டு எட்டு வந்தது! நிலையத்தாரிடம் சொல்லித் தொட்டியை நகர்த்திய பிறகுதான் பலகையை மாட்டினோம். தொட்டி இல்லாத இடத்தில் கவிதை எழுதினால் அது பொய்தானே நண்பர்களே?

— மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை