ஒரு தைவதம் மாறினால்...

மைனரில் சரணம் போட்டால் பாட்டு அழுது வடிகிறதா? கீபோர்டில் இதைச் செய்து பாருங்கள்.

ஏ மைனரை நான்கு தட்டு, டி மைனரை நான்கு தட்டு என்று மாறி மாறி வாசியுங்கள். சோகம்தான். இப்போது டி மைனரில் இருக்கும் எஃப் ஸ்வரத்தை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டையான எஃப் ஷார்ப்புக்கு நகர்த்துங்கள். அது டி மேஜராகிவிடும். வீடு அதே இருட்டு வீடுதான். ஜன்னல் மட்டும் திறந்திருக்கும். இதுதான் டோரியன். ஏ-யை ஸட்ஜமாக வைத்தால், நடபைரவியின் சுத்த தைவதம் சதுஸ்ருதி தைவதமாகி, நம் கரகரப்பிரியா ஸ்வரங்கள் வந்துவிடும்.

எஃப் அரைப்படி கீழே இறங்கி ஈ-யில் சாயத் துடிக்கும். அந்தப் பெருமூச்சுதான் சோகம். எஃப் ஷார்ப்புக்கு அந்தச் சாய்வு இல்லை. அதனால் இரண்டே கார்டுகள் சக்கரம் போலச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். சாந்தானா குழு 1970-ல் வெளியிட்ட 'ஓயே கோமோ வா' பாட்டு பெரும்பாலும் இந்த ஏ மைனர், டி சுழற்சியில்தான் ஓடுகிறது. ஆடாமல் கேட்க முடிந்தால் சொல்லுங்கள்!

இரண்டு இடத்தில் சறுக்கும். டி மேஜர் ஒலிக்கும்போது பாடகர் பழக்கத்தில் எஃப் பாடினால் உரசல் காதில் குத்தும். டி-யிலேயே அதிகம் தங்கினால், காது அதையே வீடாக நினைத்துவிடும். பாட்டு வெறும் குஷிப் பாட்டாகிவிடும். ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் பேஸ் கிட்டார் ஏ-யில் வந்து விழட்டும். சுழற்சியை ஏ மைனரில் நிறுத்திப் பாருங்கள். முடிந்த மாதிரி இருந்தால், வீடு பத்திரம்.