முதலில்லாத தொழிலில் முதல் போடுவது யார்?

சிறு நகரச் சுற்றுலாவைப் பற்றிய பயிலரங்கு எதற்குப் போனாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: “இதுக்குப் பெரிசா முதல் தேவையில்ல.” ஒரு கைப்பேசி, ஒரு வாடகை வேன், ஊரைப் பற்றி நாலு கதை, ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு கைவினைஞர். இவ்வளவு போதும், அடுத்த சனிக்கிழமையே தொடங்கிவிடலாம் என்பார்கள். நானும் என் நண்பனும் அப்படித்தான் தொடங்கினோம். வார நாட்களில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் கோலசிலாங்கூர் சுற்றுலா. ஒன்றரை வருடம் ஓடியது. அதில் நான் பார்த்த கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கில் தப்பு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வழித்தடம் எளிமையானது. காலையில் புக்கிட் மலாவத்தி. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்டிங்பர்க் என்று பெயர் வைத்த கோட்டை, 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், கடலை விட்டு வந்தவர்களின் கண்ணாடியைப் பிடுங்கக் காத்திருக்கும் குரங்குகள். மதியம் வாழையிலைச் சாப்பாடு. இரண்டு மணிக்குக் குயவர் கொட்டகை. இரவில் கம்போங் குவாந்தான் ஆற்றில் துடுப்புப் படகு, பெரெம்பாங் மரங்களில் மின்மினி. ஆளுக்கு 95 வெள்ளி.

இந்தப் பட்டியலில் யாருக்கெல்லாம் காசு கொடுத்தோம் என்று பாருங்கள். வேன்காரருக்கு முன்பணம். சாப்பாட்டுக் கடைக்கு இலைக் கணக்கு. மின்மினிப் படகுக்குச் சீட்டு: நாலு பேருக்கு ஒரு படகு, படகுக்கு இவ்வளவு என்று முகப்பிலேயே போட்டிருக்கிறது. பேரம் பேச முடியாது. குயவர் கொட்டகைக்கு? சல்லிக்காசு இல்லை. “ஆள் கூட்டிக்கிட்டு வர்றோம், வாங்குவாங்க” என்றோம். அந்த அக்காவும் “வாங்க தம்பி, அதனால என்ன” என்றார்.

படகுக்காரரிடம் சீட்டு முகப்பு இருந்ததால் கொடுத்தோம். குயவரிடம் அது இல்லாததால் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் எங்கள் விளம்பரப் படங்களில் பாதிக்கு மேல் சக்கரமும் களிமண் கையும்தான். மின்மினியை இருட்டில் படம் பிடித்தால் வெறும் கறுப்புதான் வரும்.

இப்போது ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். டிசம்பர் மாதம், பொங்கல் பானைக்கு வேலை உச்சத்தில் இருந்த நேரம். அதைப் புரிந்துகொள்ள, பானை எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும். ஒன்றரை வருடத்தில் பாதி நாள் எனக்கே தெரியாது. சக்கரத்தில் ஏற்றினால் பானை வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன், வந்தவர்களுக்கும் அப்படியே சொன்னேன்.

உருண்டை அடிப்பானை சக்கரத்தில் முழுசாக வருவதில்லை. வாயும் கழுத்தும் தோளும்தான் சக்கரத்தில். அடியைத் திறந்தபடியே நூலால் அறுத்து எடுத்து நிழலில் வைப்பார்கள். சில மணி நேரம் காய வேண்டும். பிறகு உள்ளே ஓர் உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கி, கீழே இழுத்து அடியை மூடுவார்கள். ஒரே தடவையில் முடியாது. தட்டி, வைத்து, மறுபடி தட்டி, இரண்டு மூன்று சுற்றில்தான் அடி உருண்டு வரும். சக்கரம் பார்க்க அழகு. பானையைப் பானையாக்குவது இந்தத் தட்டல்தான்.

தட்டுவதற்கு ஒரு பதம் இருக்கிறது. விரலால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் மண் விரலில் ஒட்டக் கூடாது. அதற்கு முன்னால் தட்டினால் சுவர் தொய்ந்து சப்பையாகிவிடும். அந்தப் பதம் தாண்டிவிட்டால் மண் இழுபடாது. தட்டத் தட்டக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு அடிப்பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அது அன்றைக்கே தெரியாது. சூளையில் வெந்து வந்த பிறகு விரல் முட்டியால் தட்டினால் நல்ல பானை கணீரென்று கேட்கும், வெடித்தது ‘டப்’ என்று செத்த சத்தம் கொடுக்கும். காலையில் சக்கரத்தில் ஏற்றிய பானைக்குப் பதம் எப்போது வரும்? வானத்தைப் பொறுத்தது. மழை ஈரம் என்றால் சாயங்காலம்கூட வராது. மழை விட்டு வெயிலும் காற்றும் அடித்தால் பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கே வந்துவிடும்.

எங்கள் வேன் போய் நின்ற நேரம் இரண்டு மணி.

அன்று காலை அவர்கள் நாற்பது பானை ஏற்றியிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மழை விட்டது, நல்ல காற்று. நாங்கள் பன்னிரண்டு பேரோடு இறங்கினோம். ஆளுக்கு நாலு நிமிடம் சக்கரத்தில் உட்கார வேண்டும், படம் எடுக்க வேண்டும். அக்காவின் அண்ணன் ஒவ்வொருவர் கையையும் பிடித்து மண்ணைத் தூக்கிக் காட்டினார். அக்கா விலை சொல்லிக்கொண்டும் காகிதத்தில் சுற்றிக்கொண்டும் இருந்தார். இருவரும் அன்றைக்குத் தட்ட வேண்டியவர்கள். நடுவில் ஒரு தடவை எழுந்து போய், வாசல் பக்கப் பானைகள் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு வந்தார். நான் அதைக்கூட ஒரு ‘பாரம்பரிய நுட்பம்’ என்று கூட்டத்துக்கு விளக்கினேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. நாங்கள் கிளம்பியபோது மூன்று மணி பத்து நிமிடம்.

மூன்று வாரம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த நாற்பதில் ஒன்பது செத்த சத்தம். எல்லாம் வாசல் பக்கம் இருந்தவை. “உங்க மேல தப்பு இல்ல தம்பி, காத்து அப்படி அடிச்சிருச்சி.” கடைக்கு எட்டு வெள்ளிக்குப் போகிற பானை அது. எழுபத்திரண்டு வெள்ளி. அன்று எங்கள் கூட்டம் வாங்கியதைக் கேட்டேன், எழுதி வைத்திருந்தார்: அகல் விளக்குகள், இரண்டு சின்ன உண்டியல், ஒரு சாம்பிராணித் தட்டு. நாற்பத்தாறு வெள்ளி. பெரிய பானையை யாரும் தொடவில்லை. வேனில் உடையும், அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமில்லை. நியாயமான காரணங்கள்தான்.

எங்கள் வரவு 1,140 வெள்ளி. வேன், சாப்பாடு, படகு, எண்ணெய் எல்லாம் போக எங்கள் இருவருக்கும் நானூற்று எண்பது சொச்சம் மிஞ்சியது. கொட்டகைக்கு இருபத்தாறு வெள்ளி நட்டம். இரண்டு பேருடைய ஒரு மணி பத்து நிமிட உழைப்புக்கு யாரும் விலையே போடவில்லை.

அப்படியானால் ‘முதல் தேவையில்லை’ என்ற அந்த வாக்கியம் பொய். முதல் தேவை. அது எங்கள் பெயரில் இல்லை, அவ்வளவுதான். கொட்டகை, சூளை, சேர்த்து வைத்த மண், பல வருடப் பழக்கம், அந்த மண்வாசனை வரை எல்லாம் அவர்களுடையது. நாங்கள் வட்டி இல்லாமல், கேட்காமல், கடன் வாங்கி வியாபாரம் செய்தோம். பிறகு அதையே ‘சமூகத் தொழில்முனைவு’ என்று விண்ணப்பத்தில் எழுதினோம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். நகரத்துக்கு நீல அட்டை, இயற்கைத் தலங்களுக்குப் பச்சை அட்டை. எங்களிடம் இரண்டும் இல்லை. ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று போட்டுக்கொண்டோம். உரிமத்துக்கான பயிற்சிச் செலவும் நாங்கள் போடாத முதலில் சேர்த்திதான்.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, “சுற்றுப்பயணிகள் வரலைன்னா இந்தக் கலை செத்துடும்” என்று ஒருவர் உணர்ச்சிவசப்பட்டார். யார் சொன்னது? பொங்கலுக்குப் பானை, தீபாவளிக்கு அகல், கோயிலுக்குக் கலயமும் தீச்சட்டியும், கல்யாணத்துக்கு அரசாணிப் பானை. இந்த வாங்குபவர்கள்தான் சக்கரத்தைச் சுற்ற வைத்திருக்கிறார்கள். யாரும் படம் எடுக்க வருவதில்லை, எடுத்துக்கொண்டு போக வருகிறார்கள். கைத்தொழிலைச் சாகடிக்க வேறு வழிகள் உண்டு: மண் எடுக்கும் இடம் கைவிட்டுப் போவது, எவர்சில்வர் பானையில் பொங்கல் வைப்பது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவது. வாரம் பன்னிரண்டு பேர் உண்டியல் வாங்குவதால் இதில் எதுவும் நிற்காது. ஆனால் பன்னிரண்டு பேர் தவறான நேரத்தில் வந்தால் ஒரு நாள் உழைப்பு கெடும். அதிலும் அவர்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும் ஜனவரியிலும் தீபாவளிக்கு முந்தைய மாதத்திலும்தான் எங்களுக்குக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். ‘பண்டிகைச் சிறப்பு நடை’ என்று நாங்களே கூவி விற்றோம்.

வேறு மாதிரி செய்ய முடியாதா? முடியும். கேட்டாலே போதும், அவர்களே சொல்கிறார்கள். அக்கா சொன்னது: பானை ஏற்றும் நாளில் வராதீர்கள், சூளை பிரிக்கும் நாளில் வாருங்கள். வேலை முடிந்திருக்கும். பானைகள் இளஞ்சூடாக வெளியே வரும். தட்டிப் பார்த்துக் கணீரையும் டப்பையும் பிரிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், எதுவும் கெடாது. சக்கரம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அகல் செய்து காட்டலாம். ஒரே மண் குவியலின் உச்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிள்ளி எடுப்பது, காத்திருக்கும் பதம் எதுவும் இல்லை. எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். காசை நான் சொன்னேன்: கூட்டம் எதையாவது வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு வருகைக்கு 150 வெள்ளி, முன்கூட்டியே, படகுச் சீட்டு மாதிரி. பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரமும் தீபாவளிக்கு முந்தைய நான்கு வாரமும் வருகை கிடையாது.

இப்படிப் போட்டதும் எங்கள் விலை 95இலிருந்து 130 ஆனது, ஏனென்றால் ஆள் குறைந்து செலவு கூடியது. சூளை பிரிக்கும் நாள் எப்போதும் சனிக்கிழமையில் விழுவதில்லை. மழை வந்தால் தள்ளிப்போகிறது. நான்கு மாதத்தில் மூன்றே பயணம். ஒருவர் “கையில் மண் படவே இல்லை” என்று ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார். என் நண்பன் சலித்துப் போய் விலகிவிட்டான். அவனுடைய வாதமும் எனக்குப் புரிகிறது: இந்த விலையில் இதைத் தொழில் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் பழைய விலையில் அது தொழிலாக இருந்ததற்குக் காரணம் அந்த ஒன்பது பானை.

போன வாரம் ஒரு குழுவினர் எழுதியிருந்தார்கள். புதிதாக ஒரு நடைப்பயணம் தொடங்குகிறார்களாம், “குயவர் அக்காவின் எண் கிடைக்குமா?” என்று கேட்டிருந்தார்கள். அக்காவிடம் கேட்டுவிட்டு, 150 வெள்ளி, எட்டுப் பேர், சூளை பிரிக்கும் நாள் மட்டும் என்று பதில் போட்டேன். இன்னும் அவர்களிடமிருந்து பதில் வரவில்லை.