பரிமாறும் அளவை வைத்து ஒப்பிடாதீர்கள்

"ஒரு பரிமாறலில் எதில் சர்க்கரை குறைவோ அதை வாங்குங்கள்" என்று காரைக்கால் கடைவீதியில் பிஸ்கட் வாங்குவோருக்கு நண்பர் சொல்லும் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. பரிமாறும் அளவைத் தீர்மானிப்பது தயாரிப்பாளர். ஒருவர் 20 கிராம் என்பார், இன்னொருவர் 30 என்பார்.

முதல் பாக்கெட்டில் 20 கிராமுக்கு 98 கலோரி, 5 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் 30 கிராமுக்கு 141 கலோரி, 6 கிராம் சர்க்கரை. நண்பர் முதலாவதைத்தான் எடுப்பார். ஆனால் 100 கிராமுக்குக் கணக்கிட்டால் முதலாவதில் 490 கலோரி, 25 கிராம் சர்க்கரை; இரண்டாவதில் 470 கலோரி, 20 கிராம் சர்க்கரை. முடிவு தலைகீழாகிறது.

100 கிராம் அல்லது 100 மில்லி கணக்கை அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதி. ஒப்பிட அந்த வரிசையைப் பாருங்கள்.

பிறகு, நாம் சாப்பிடும் அளவால் பெருக்குங்கள். 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானத்தில் 250 மில்லி குடித்தால் 27.5 கிராம். லேபிள் விதி அடிப்படையாகக் கொள்ளும் சேர்த்த சர்க்கரையின் நாளளவு 50 கிராம். ஒரே பாட்டிலில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

பரிமாறும் அளவு பயனற்றதல்ல. ஆனால் தட்டில் விழுவது அதே அளவாக இருந்தால்தான் அது உண்மை பேசும்.